கொட்டேஷன் கேட்கும்போது எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை சொல்ல வைப்பது எப்படி? அட்டைப்பெட்டியை வைத்துச் சில கேள்வி பதில்கள்

எந்தப் பொருளுக்கும் கொட்டேஷன் கேட்கலாம். இங்கே அட்டைப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே என்ன காகிதம் போட்டிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கும் ஸ்பெக்கில் ஓட்டை இருந்தால் அது விலையில் எப்படி வெளிப்படும் என்று பார்க்க இது வசதியான பொருள். விலைகளை எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்ன விலையை 100 ஆக வைத்து, மற்றவர்களுடையதை அந்தக் கணக்கில் சொல்கிறேன்.

"400 × 300 × 250 மிமீ, 5 ப்ளை, 5,000 பெட்டி, விலை அனுப்பவும்" என்று மூன்று பேருக்கும் ஒரே மெயில்தான் போட்டேன். 100, 92, 84 என்று வந்திருக்கிறது. 84 சொன்னவருக்கே கொடுத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மெயில் ஒன்றுதான், ஆனால் மூன்று பேரும் விலை சொன்னது மூன்று வேறு பெட்டிகளுக்கு.

100 சொன்னவர் 400 × 300 × 250 என்பதை உள்ளளவாக எடுத்துக்கொண்டார். பெட்டியில் பிரிண்ட் அடிக்கும் அச்சுத் தகடான ஸ்டீரியோ, உங்கள் இடத்தில் இறக்கித் தருவது எல்லாம் அவர் விலைக்குள் இருக்கிறது. 92 சொன்னவருடைய பெட்டியும் அதே பெட்டிதான், ஆனால் விலை அவருடைய ஃபாக்டரி வாசல் வரை. வண்டி வாடகை பெட்டிக்கு 5, ஸ்டீரியோ செலவை 5,000 பெட்டிக்குப் பிரித்தால் 4. கூட்டினால் 101. மலிவாகத் தெரிந்தவர் உண்மையில் ஒன்று கூடுதல்.

84தான் வேடிக்கையானது. அவர் அதே எண்களை வெளியளவாக எடுத்திருக்கிறார். 5 ப்ளை, அதாவது ஐந்து அடுக்குக் காகிதம் கொண்ட அட்டை, கிட்டத்தட்ட 7 மிமீ கனம். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு சுவர் இருப்பதால் 14 மிமீ போய்விடும். உயரத்தில் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் நான்கு அட்டைக் கனம், அதாவது 28 மிமீ போகும். ஆக உள்ளே கிடைப்பது சுமார் 386 × 286 × 222. உங்கள் சரக்கு 245 மிமீ உயரம் என்றால் மூடியே மூடாது. அட்டையின் பரப்பளவைக் கணக்குப் போட்டால் உள்ளளவுப் பெட்டியைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைவு. அவர் விலை குறைந்ததில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அவர் ஏமாற்றவில்லை. எந்த அளவு என்று நீங்கள் சொல்லவில்லை, அவருக்குச் சாதகமானதை அவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இந்த மூன்று விலையையும் ஒப்பிட முடியாது. திரும்பத்தான் கேட்க வேண்டும்.

அப்போ அளவை எப்படி எழுத வேண்டும்?

இப்படி எழுதினால் சந்தேகம் வராது: "உள்ளளவு, நீளம் × அகலம் × உயரம், 400 × 300 × 250 மிமீ; ஒவ்வொரு அளவிலும் கூடக்குறைய 3 மிமீ வரை ஏற்கப்படும். வடிவம் ஃபெஃப்கோ 0201. ஒட்டு பசையால், பின் அடிக்கக்கூடாது."

ஃபெஃப்கோ 0201 என்பது நாம் தினமும் பார்க்கிற சாதாரண மடிப்புப் பெட்டிக்கு உலகம் முழுக்கப் பழகிப்போன எண். அந்த நான்கு இலக்கம் ஒரு பத்தி விளக்கத்தை மிச்சப்படுத்தும். எந்தத் துறையிலும் இப்படி வடிவத்துக்கோ தரத்துக்கோ பொது எண் இருந்தால் அதையே போடுங்கள்.

கூடக்குறைய எவ்வளவு என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் 4 மிமீ குறைந்த பெட்டி வந்திறங்கும் நாளில் "இதெல்லாம் சகஜம் சார்" என்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. அதே நேரம் 1 மிமீ என்று இறுக்கிப் பிடிக்காதீர்கள். அட்டையில் அந்தத் துல்லியம் கிடைப்பது கடினம். நல்ல சப்ளையர் ஒதுங்கிக்கொள்வார், எதற்கும் தலையாட்டுகிறவர் மட்டும் மிஞ்சுவார்.

காகிதத்தின் ஜிஎஸ்எம் சொல்லிக் கேட்பதா, பெட்டி எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று கேட்பதா?

தாங்கும் எடையைத்தான் சொல்வேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு உறுதி என்று சொல்லாது. 150 ஜிஎஸ்எம் காகிதத்தில் நல்லதும் உண்டு, பலமுறை மறுசுழற்சி ஆகி நார் குட்டையாகிப்போனதும் உண்டு. இரண்டும் தராசில் ஒரே எடைதான் காட்டும். ஜிஎஸ்எம் மட்டும் கேட்டால் எல்லோரும் எழுத்துப்படி ஒரே பொருளைத்தான் கொடுப்பார்கள், கோடவுனில் சிலருடையது மட்டும் சரியும்.

உங்கள் தேவையிலிருந்து தொடங்குங்கள். சரக்கோடு சேர்ந்து பெட்டி 12.5 கிலோ, கோடவுனில் 8 அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கிற பெட்டி மேலே உள்ள 7 பெட்டிகளைச் சுமக்கிறது: 87.5 கிலோ. ஆனால் 88 கிலோ தாங்கும் பெட்டியைக் கேட்கக்கூடாது. வாரக்கணக்கில் சுமை நின்றால் அட்டை மெல்ல அமுங்கும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பலம் பாதி அளவுக்குக்கூட இறங்கலாம். அடுக்குகிறவர்கள் ஓரம் பார்த்துச் சரியாக வைக்காவிட்டாலும் குறையும். இதற்காக 3 முதல் 5 மடங்கு வரை கூட்டிக் கேட்பது வழக்கம். 4 மடங்கு எடுத்தால் 350 கிலோ, நியூட்டனில் சுமார் 3,430. அதை 3,500 ஆக்கிக்கொள்ளலாம்.

ஸ்பெக்கில் வரவேண்டிய வரி இது: "காலிப் பெட்டியின் அமுக்க வலிமை, ஐஎஸ்ஓ 12048 முறைப்படி, 5 பெட்டிகளின் சராசரி 3,500 நியூட்டனுக்குக் குறையக்கூடாது, எந்தத் தனிப்பெட்டியும் 3,150க்குக் கீழே போகக்கூடாது. சோதனைக்கு முன் பெட்டிகளை ஐஎஸ்ஓ 187 படி 23 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் பதப்படுத்தியிருக்க வேண்டும்."

கடைசி வாக்கியம் தேவையில்லாத நுணுக்கமாகத் தெரியலாம். அதை விட்டால் ஒருவர் நன்றாக உலர்ந்த பெட்டியைச் சோதித்து 3,600 காட்டுவார், இன்னொருவர் மழைநாளில் சோதித்து அதே தரப் பெட்டிக்கு 2,700 காட்டுவார். எண் மட்டும் போதாது. எந்த முறையில், எந்த நிலையில் அளந்த எண் என்பதும் ஸ்பெக்கின் பாகம்.

இரண்டையும் சேர்த்தே எழுதிவிட்டால்? 180 ஜிஎஸ்எம்மும் வேண்டும், 3,500 நியூட்டனும் வேண்டும் என்று.

அங்கேதான் சிக்கல் வரும். நீங்கள் சொன்ன காகிதத்தைப் போட்டும் 3,500 வரவில்லை என்றால் தப்பு யாருடையது? "நீங்க கேட்ட காகிதத்தைத்தானே போட்டோம்" என்பார் சப்ளையர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஒன்றைக் கட்டாயமாக்குங்கள், மற்றதைக் கேட்டு மட்டும் வாங்குங்கள். வலிமை கட்டாயம். எந்தெந்த அடுக்கில் என்ன காகிதம் போடப்போகிறார் என்பதை அவரே படிவத்தில் நிரப்பட்டும். அவர் எழுதிக் கொடுத்த அந்த அடுக்கு விவரம் ஆர்டரில் நிபந்தனையாகிவிடும் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் லோடில் நல்ல காகிதம் வரும், மூன்றாவது லோடில் இளைத்திருக்கும்.

இப்போது பயன்படுத்துகிற பெட்டி ஒன்றை அனுப்பி "இதே மாதிரி" என்று சொன்னால் வேலை முடிந்துவிடாதா?

நிறம், பிரிண்ட் எந்த இடத்தில் வரவேண்டும் என்பதற்கு சாம்பிள் நல்லது. வலிமைக்கு உதவாது. ஏற்கெனவே மடித்து, நிரப்பி, ஈரம் குடித்த பெட்டி அது. அதை அளந்தால் புதிதாக இருந்தபோது இருந்த பலம் தெரியாது. மூன்று பேருக்கு மூன்று பெட்டி அனுப்பினால் அவை மூன்றும்கூட ஒரே லோடில் வந்தவையாக இருக்காது. சாம்பிள் அனுப்புவதானால் "சாம்பிளுக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் எழுதியிருப்பதே செல்லும்" என்று சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கு ஸ்பெக் எழுதத் தெரியாது. இப்போது சப்ளை செய்கிறவரே எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் அவர் தன் மெஷினை மனதில் வைத்துத்தான் எழுதுவார். அவரிடம் இருக்கிற ஃப்ளூட், அதாவது அட்டைக்குள் இருக்கும் அலைக் காகிதத்தின் வகை, அவர் வாங்குகிற காகிதத்தின் கனம், அட்டை வெட்ட அவரிடம் ஏற்கெனவே இருக்கிற அச்சான டை எல்லாம் ஸ்பெக்கில் வந்து உட்கார்ந்துவிடும். அதன்படி மற்றவர்கள் செய்யவேண்டுமானால் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டும், விலை ஏறும். பிறகு "பழையவர்தான் மலிவு" என்று நீங்களே முடிவு கட்டுவீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் எடுத்து "இது இல்லாவிட்டால் எனக்கு என்ன கெடும்?" என்று கேளுங்கள். வலிமை இல்லாவிட்டால் அடுக்கு சரியும், உள்ளளவு இல்லாவிட்டால் சரக்கு நுழையாது. "நடு அடுக்கு 140 ஜிஎஸ்எம்" இல்லாவிட்டால் என்ன கெடும் என்று உங்களுக்கே பதில் தெரியவில்லையா, எடுத்துவிடுங்கள். யாராவது அது ஏன் தேவை என்று காரணத்தோடு சொன்னால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

விலையை எந்த வடிவத்தில் கேட்பது? ஒவ்வொருவரும் அவரவர் லெட்டர்பேடில் அனுப்புகிறார்கள்.

படிவம் உங்களுடையதாக இருக்கட்டும். நிரப்ப வேண்டிய கட்டங்கள் மட்டும் காலியாக இருக்கும். கட்டங்கள் அதிகம் வேண்டாம்: உங்கள் இடத்தில் இறக்கித் தரும் பெட்டி விலை, ஒருமுறைச் செலவான ஸ்டீரியோ தனியாக, வரி தனியாக, ஆர்டர் போட்டதிலிருந்து டெலிவரிக்கு எத்தனை நாள், விலை எந்தத் தேதிவரை செல்லும், காகித அடுக்கு விவரம். "ஸ்பெக்கிலிருந்து விலகல்" என்று ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள். விலகல் இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது.

ஸ்டீரியோவைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெட்டி விலைக்குள் அதைப் புதைத்தால் அடுத்த ஆர்டரிலும் அதே விலைதான் இருக்கும், ஒரே ஸ்டீரியோவுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுப்பீர்கள். தனியாகக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் அது யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, எண்ணிக்கை. இந்தத் தொழிலில் 5,000 கேட்டால் 5,300 வருவதும் 4,800 வருவதும் நடக்கிற விஷயம். "5 சதவீதம் வரை கூடக்குறைய ஏற்கப்படும், வந்த எண்ணிக்கைக்கு மட்டுமே பணம்" என்று எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்லிவிட்டால் முடிந்தது.

ஒரு சப்ளையர் ஃபோனில் "பெட்டி குளிர்ப்பதன அறைக்குள் போகுமா?" என்று கேட்டார். போகாது என்று சொல்லிவிட்டேன். இதில் தப்பு ஏதும் இல்லையே?

சொன்னதில் தப்பில்லை. அவருக்கு மட்டும் சொன்னதுதான் தப்பு. மற்ற இருவரும் அந்தச் சந்தேகத்தில் ஈரம் தாங்கும் பூச்சுக்கு ஒரு தொகையைச் சேர்த்துவைத்திருக்கலாம். கேட்டவருக்கு மட்டும் அது தேவையில்லை என்று தெரிந்துவிட்டது.

இன்றே மூன்று பேருக்கும் எழுத்தில் அனுப்புங்கள், கேட்டவர் பெயர் இல்லாமல்: "திருத்தம் 1: பெட்டிகள் குளிர்ப்பதன அறையில் வைக்கப்படா." படிவத்தில் "திருத்தம் 1 வரை படித்தேன்" என்று ஒரு கட்டமும் இருந்தால் நல்லது. இனிமேல் கேள்விகளை எழுத்தில் மட்டும், கொட்டேஷன் கடைசி நாளுக்கு நான்கைந்து நாள் முன்புவரை மட்டும் வாங்குங்கள். கடைசி நேரத்தில் பெரிய திருத்தம் வந்தால் கடைசி நாளையும் எல்லோருக்கும் தள்ளிவையுங்கள்.

ஒருவர் "5 ப்ளை எதற்கு, நல்ல காகிதத்தில் 3 ப்ளையே போதும்" என்கிறார். விலையும் நன்றாகக் குறைகிறது. என்ன செய்வது?

முதலில் கேட்டபடி 5 ப்ளைக்கு விலை கொடுக்கட்டும். மாற்று யோசனையை அதோடு தனித்தாளில் தரட்டும். மாற்றை மட்டும் கொடுத்தால் ஒப்பீட்டில் சேர்க்க முடியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்கள்.

யோசனை உண்மையிலேயே நல்லதாக இருந்தால் அவர் கேள்வி உங்களுடைய ஸ்பெக்கைத்தான் குறைசொல்கிறது. 3,500 நியூட்டன் தாங்கினால் போதும் என்றால் 5 ப்ளை என்று நீங்கள் ஏன் எழுதினீர்கள்? பழக்கத்தில் வந்ததாக இருந்தால் அதை நீக்கிவிட்டு, "எத்தனை ப்ளை என்பது சப்ளையர் விருப்பம், வலிமை கட்டாயம்" என்று திருத்தி எல்லோரிடமும் புதிதாக விலை கேளுங்கள். ஆனால் அவர் தாளில் எழுதியிருந்த காகித விவரத்தை மற்றவர்களுக்குக் கசிய விடாதீர்கள். அது அவருடைய உழைப்பு. உங்களுக்கு எது போதும் என்பதைச் சொல்லலாம், அவர் அதை எப்படிச் செய்கிறார் என்பதைச் சொல்லக்கூடாது.

திரும்பக் கேட்டு மூன்றும் வந்துவிட்டன. இப்போது எப்படி ஒப்பிடுவது?

முதலில் விலகல் கட்டம், அப்புறம் விலை. மூன்று பேரும் ஸ்பெக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, இறக்கித் தரும் விலையைச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 100, ஸ்டீரியோ இலவசம். இரண்டாமவர் 98, ஸ்டீரியோவுக்கு 15,000. மூன்றாமவர் 96, ஸ்டீரியோவுக்கு அதே 15,000, ஆனால் முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்கிறார். நீங்கள் கேட்டிருந்தது டெலிவரிக்கு 30 நாள் கழித்துப் பணம்.

டெலிவரிக்கு 30 நாள் ஆகும் என்றால் மூன்றாமவருக்கு மற்றவர்களைவிட 60 நாள் முன்பே பணம் போகிறது. வட்டி மாதம் 1 சதவீதம் என்று வைத்தால் 96க்கு சுமார் 1.92.

5,000 பெட்டிக்கு மட்டும் பார்த்தால் ஸ்டீரியோ பெட்டிக்கு 3 விழும். முதலாமவர் 100, இரண்டாமவர் 101, மூன்றாமவர் 100.92. முதலாமவருக்குத்தான் ஆர்டர்.

வருடத்துக்கு 20,000 பெட்டி என்று பார்த்தால் ஸ்டீரியோ 0.75தான். முதலாமவர் 100, இரண்டாமவர் 98.75, மூன்றாமவர் 98.67. இப்போது முதலாமவர் கடைசி.

எந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதிலேயே ஜெயிக்கிறவர் மாறிவிடுகிறார் பாருங்கள். அதனால்தான் "ஒப்பீடு ஒரு வருடத்துக்கு 20,000 பெட்டி என்ற கணக்கில், ஒருமுறைச் செலவையும் சேர்த்துச் செய்யப்படும்" என்று கேட்கும்போதே எழுத வேண்டும். விலைகளைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், நேர்மையாகவே தேர்ந்தெடுத்தாலும், பிடித்தவருக்கு வளைத்ததாகத்தான் தெரியும். 20,000 என்று எழுதிவிட்டு 5,000 மட்டும் வாங்கி நிறுத்துவதும் சரியில்லை. அடுத்தமுறை உங்கள் எண்ணை யாரும் நம்பி விலை குறைக்க மாட்டார்கள்.

மூன்றாமவர் 0.08 மட்டும்தான் குறைவு. அதற்காக முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் முன்பே என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. "முன்பணம் கேட்டால் மாதம் 1 சதவீதம் சேர்த்து ஒப்பிடப்படும்" என்று எழுதியிருந்தால் அவர்தான் குறைந்த விலைக்காரர், மனசு வராதது காரணம் ஆகாது. "முன்பணம் ஏற்கப்படாது" என்று எழுதியிருந்தால் அவர் கணக்குக்கே வரமாட்டார். ஒன்றும் எழுதவில்லை என்றால் மூன்று பேருக்கும் "30 நாள் கழித்துப் பணம் என்ற நிபந்தனையில் இறுதி விலை தரவும்" என்று ஒரே நாளில், ஒரே வாசகத்தில் அனுப்புங்கள். அவரை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் மற்றவர்களுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு அவருக்குக் கிடைத்துவிடும்.

முன்பணத்தில் வட்டியைத் தவிர, பணம் போய் பெட்டி வராமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. அந்த ஆபத்தை 1 சதவீதம் ஈடுகட்டாது. பழக்கமில்லாத சப்ளையர்களிடம் கேட்கும்போது நான் "ஏற்கப்படாது" பக்கம்தான் இருப்பேன்.

கடைசி நேரம் தாண்டி ஒரு மணி நேரம் கழித்து வந்த கொட்டேஷனைச் சேர்த்துக்கொள்ளலாமா?

மற்றவற்றைத் திறந்துவிட்டீர்கள் என்றால் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் திறப்பீர்கள், இன்னும் திறக்கவில்லை, தாமதத்துக்கு என்ன விதி என்று எழுதியும் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த விதிப்படி செய்யுங்கள்.

இவ்வளவும் எழுதினோம். ஆனால் வந்திறங்கிய பெட்டி ஸ்பெக்படிதான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எங்களிடம் சோதனை மெஷின் இல்லை.

அதையும் கொட்டேஷன் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். வெளி லேபில் சோதனை செய்யப்படும் என்று தெரிந்தால் சிலர் விலையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். ஏற்றட்டும், எல்லோரும் அதே எதிர்பார்ப்பில்தான் ஏற்றுகிறார்கள்.

"ஒவ்வொரு லோடிலும் வாங்குபவர் தாமே எடுக்கும் 5 பெட்டிகள் இருதரப்பும் ஒப்புக்கொண்ட லேபில் சோதிக்கப்படும். தேறினால் செலவு வாங்குபவருடையது, தேறாவிட்டால் சப்ளையருடையது. லோடைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்." இந்த வரியைச் சேருங்கள். சப்ளையர் எடுத்துக் கொடுக்கிற 5 பெட்டி வேண்டாம், அடுக்கின் நடுவிலிருந்து நீங்களே உருவுங்கள்.

எல்லா லோடையும் லேபுக்கு அனுப்ப முடியாதுதான். அன்றாடத்துக்குத் தராசும் ஸ்கேலும் போதும். லேபில் தேறிய முதல் லோடில் 10 காலிப் பெட்டிகளை மொத்தமாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற லோடுகளிலும் 10 பெட்டியை நிறுத்துப் பாருங்கள். எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் காகிதம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், அந்த லோடை மட்டும் லேபுக்கு அனுப்புங்கள். ஈரம் குடித்த அட்டை எடை கூடிக் காட்டும் என்பதால், வந்த லோடை ஒரு நாள் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு நிறுப்பது நல்லது. எடை அப்படியே இருந்து காகிதத்தின் தரம் மட்டும் இறங்கினால் தராசு காட்டாது. அதற்காக வருடத்தில் ஒன்றிரண்டு லோடையாவது சொல்லாமல் லேபுக்கு அனுப்பிவிடுங்கள்.